கோட்டை வீடியோவுக்கு எழுதிய வரிகள், வாய்விட்டுப் படிக்கும்போது மட்டும் திக்குகின்றன. எப்படித் திருத்துவது?

கோட்டைவாசல்

வணக்கம். வேலூர்க் கோட்டையைப் பற்றி எட்டு நிமிட வீடியோ ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். கேமரா, எடிட்டிங் எல்லாம் நண்பன் பார்த்துக்கொள்கிறான். எழுத்தும் குரலும் என் பொறுப்பு. எழுதியதைத் தாளில் படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். மைக் முன்னால் உட்கார்ந்தால் சில வரிகளில் தவறாமல் திக்கி நிற்கிறேன். மொபைலில் பதிவு செய்து கேட்டதில், நிற்கும் இடங்கள் பெரும்பாலும் அதே இடங்கள்தான். ரொம்பப் படுத்தும் பகுதியைக் கீழே தருகிறேன். நின்ற சொல்லுக்கு முன்னால் × போட்டிருக்கிறேன்.

"1806 ஜூலை 10 அதிகாலை 2 மணிக்கு, புதிதாக அறிமுகப்படுத்தப்பட்டிருந்த தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறிகளை இட்டுக்கொள்ளக் கூடாது, தாடியை மழித்துக்கொள்ள வேண்டும் என்று பிறப்பிக்கப்பட்ட ஆணைகளால் × கொதிப்படைந்திருந்த, வேலூர்க் கோட்டையில் நிலைகொண்டிருந்த சிப்பாய்கள், தங்கள் இருப்பிடங்களில் உறங்கிக்கொண்டிருந்த × 69ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த ஆங்கிலேயச் சிப்பாய்களைத் × தாக்கிக் கொன்றனர். ஆற்காட்டிலிருந்து 16 மைல் தொலைவிலுள்ள வேலூருக்கு × 19ஆவது குதிரைப்படையுடன் விரைந்த கர்னல் கில்லெஸ்பி கோட்டை வாயிலைப் பீரங்கியால் தகர்த்து உள்ளே நுழைந்து கிளர்ச்சியை ஒடுக்கினார்."

× போட்ட சொற்களை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை முழுதாகவே எழுத வேண்டுமா?

காட்பாடி ஜங்ஷன்

தம்பி, கவலைப்படாதீங்க. என் அண்ணன் பையனுக்கும் சின்ன வயசில் இந்தத் திக்கல் இருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் கூட்டிப்போய்க் காட்டினோம். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே முதல் எழுத்தைத் தொடங்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது மேடையேறிப் பேசுகிறான். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோட்டைவாசல்

நன்றி அண்ணே. எனக்குப் பேசும்போது ஒன்றும் இல்லை. மணிக்கணக்காகப் பேசுவேன். எழுதி வைத்த சில வரிகளைப் படிக்கும்போது மட்டும்தான் இது. வேறு யாராவது படித்தாலும் நிற்பார்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் வரிகளைக் கேட்கிறேன்.

ஆற்காட்டுக்காரன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வாக்கியம் நீளம். நறுக்குங்கள். ஒரு வாக்கியத்தில் ஆறு சொல்லுக்கு மேல் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டால் திக்கவே திக்காது. இதோ:

"புதுத் தலைப்பாகை வந்தது. அதை அணியச் சொன்னார்கள். நெற்றிக் குறியைத் தடுத்தார்கள். தாடியை மழிக்கச் சொன்னார்கள். சிப்பாய்கள் கொதித்தார்கள். அதிகாலையில் தாக்கினார்கள். வெள்ளையரைக் கொன்றார்கள். கில்லெஸ்பி வந்தார். கோட்டை வாயிலைத் தகர்த்தார். கிளர்ச்சியை ஒடுக்கினார்."

எங்கேயாவது நிற்கிறதா பாருங்கள்.

குடியாத்தம் வாசகி

கோட்டைவாசல் தம்பி, நான் வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தேன். இப்போது ஒலிப்புத்தகங்கள் படிக்கிறேன். உங்கள் பகுதியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

× போட்ட சொற்களை மட்டும் மாற்றினால் போதாது. நாக்கு நிற்கிற இடம் ஒன்று, அது நிற்பதற்கான காரணம் இருக்கிற இடம் வேறொன்று. பெரும்பாலும் மூன்று நான்கு சொல் முன்னால் இருக்கும். உங்கள் இரண்டாவது குறியையே பாருங்கள். "69ஆவது" என்ற இடத்தில் நிற்கிறீர்கள். அந்த எண்ணைச் சொல்வது கொஞ்சம் சிரமம்தான், "அறுபத்தொன்பதாவது" வாய் நிறைய வரும் சொல். ஆனால் அதைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள், தடையில்லாமல் வரும். அப்படியென்றால் வாக்கியத்துக்குள் ஏன் நிற்கிறது? "தங்கள் இருப்பிடங்களில் உறங்கிக்கொண்டிருந்த" என்று படிக்கும்போது யார் உறங்கினார்கள் என்பதற்கு உங்கள் குரல் ஏற்கெனவே ஒரு பதிலை எடுத்துக்கொண்டது. சற்று முன்புதான் "சிப்பாய்கள்" என்று சொன்னீர்கள், "தங்கள்" என்றும் சொன்னீர்கள். ஆகவே அந்தச் சிப்பாய்களே உறங்கினார்கள் என்கிற தொனியில் குரல் போகிறது. திடீரென்று வேறு ஒரு படைப்பிரிவு எதிரே வருகிறது. கண் அதைப் பார்த்த நொடியில் குரல் தடுமாறுகிறது. பழி எண்ணின் மேல் விழுகிறது.

முதல் குறியும் அப்படித்தான். "கொதிப்படைந்திருந்த" என்ற சொல்லில் தப்பில்லை. "அதிகாலை 2 மணிக்கு" என்று தொடங்கினீர்கள். இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வருகிறது. நடுவில் மூன்று ஆணைகள். "இரண்டு மணிக்கு... தலைப்பாகையை அணிய வேண்டும்" என்று காதில் விழும்போது, விடியற்காலையில் தலைப்பாகை கட்டச் சொன்னார்களோ என்றுகூடத் தோன்றும். ஆணைகளை ஒவ்வொன்றாக இறக்கி முடித்து "ஆணைகளால்" வரும்போது மூச்சு தீர்ந்துவிடுகிறது. நீங்கள் நிற்பது மூச்சுக்காக. நான் நிதானமாகப் படித்ததில் அந்த முதல் வாக்கியம் மட்டும் இருபது நொடிக்கு மேல் ஓடியது.

குறிக்கும் முறையைப் பற்றி ஒன்று. ஒரே மாதிரி × எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். பென்சிலால் தாளில் குறியுங்கள், திரையில் வேண்டாம். வரிகளுக்கிடையே நிறைய இடம் விட்டு அச்சடித்துக்கொள்ளுங்கள். நாக்கு புரளாத சொல்லுக்கு அடிக்கோடு. மூச்சு வாங்கிய இடத்தில் நெடுக்குக் கோடு. தப்பான சொல்லை அழுத்திப் படித்துவிட்டு "அடடா, இது இப்படி இல்லையே" என்று தோன்றினால் அந்த வரிக்கு ஓரத்தில் ஒரு வளைகோடு. முக்கியமானது, திக்கியதும் நின்று அந்த வரியைத் திரும்பப் படிக்கக் கூடாது. குறித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். திரும்பப் படித்தால் இரண்டாவது முறை நாக்கு பழகி நன்றாக வந்துவிடும், வரியின் குறை அப்படியே உள்ளே தங்கிவிடும். அடுத்த நாள் குறியில்லாத புதுப் பிரதியில் இன்னொரு தடவை படியுங்கள். இரண்டு பிரதியிலும் ஒரே இடத்தில் குறி விழுந்தால் அது வரியின் குறை. ஒன்றில் மட்டும் விழுந்தது பெரும்பாலும் அசதி, இல்லை கண் வழுக்கியது. அதைத் தொட வேண்டாம்.

ஆற்காட்டுக்காரன் சொன்ன வெட்டுதல் பற்றி அப்புறம் வருகிறேன். பாதி சரி.

ஆம்பூர் நூரி

வாசகி அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க ஆசை. நான் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பாடங்களை ஒலிப்பதிவாகச் செய்து தருகிறோம். எழுதுவது நான், படிப்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். நான் படித்துப் பார்த்து எங்குமே நிற்காத வரியில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எழுதியவருக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், அதனால் நாக்கு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. இப்போது பாடத்தை முன்னால் காட்டாமல், நேராகக் கையில் கொடுத்து ஒருவரைப் படிக்கச் சொல்லி, நான் என் பிரதியில் குறித்துக்கொள்கிறேன். பிள்ளையைக் குறிக்கச் சொன்னால் அது குறிப்பதில் கவனம் வைத்துப் படிப்பை விட்டுவிடும்.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் உருது. அவர்கள் நின்ற இடம் எல்லாமே வரியின் குறை என்று சொல்ல முடியாது. பழக்கமில்லாத சொல் என்றாலும் நிற்பார்கள். அதனால் வீட்டில் உருது பேசும் பிள்ளை ஒன்று, தமிழ் பேசும் பிள்ளை ஒன்று என்று இருவரைப் படிக்கவைப்பேன். இருவரும் நின்றால்தான் மாற்றுவேன். ஆனால் கேட்கப்போகிறவர்களும் அந்தப் பிள்ளைகள்தானே, ஒருவர் நின்றாலே மாற்றிவிடலாமோ என்றும் சில சமயம் தோன்றும். இதில் எனக்கு இன்னும் முடிவில்லை.

ஆற்காட்டுக்காரன்

பாதி சரி என்றால் மீதி என்ன தப்பு என்று சொல்லுங்கள் அக்கா. என் வரிகளில் யாரும் திக்க மாட்டார்கள்.

குடியாத்தம் வாசகி

திக்க மாட்டார்கள், உண்மை. நீங்களே பதிவு செய்து, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வந்தது, சொன்னார்கள், தடுத்தார்கள், சொன்னார்கள், கொதித்தார்கள், தாக்கினார்கள், கொன்றார்கள், வந்தார், தகர்த்தார், ஒடுக்கினார். தமிழில் வினை கடைசியில் வருவதால், வெட்டிய ஒவ்வொரு துண்டும் ஒரே மாதிரி முடியும், குரலும் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கும். பத்து வாக்கியம் தொடர்ந்து இறங்கினால் கேட்பவருக்கு எதுவும் முக்கியமாகப் படாது. தலைப்பாகை வந்ததும் ஆட்களைக் கொன்றதும் ஒரே எடையில் காதில் விழுகிறது.

இன்னொன்று, காரணம் போய்விட்டது. தம்பியின் வரியில் "ஆணைகளால் கொதிப்படைந்திருந்த" என்று ஒரு பிடிப்பு இருந்தது. உங்கள் துண்டுகளில் எதனால் எது நடந்தது என்பதைக் கேட்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். தாளில் என்றால் திரும்பிப் பார்க்கலாம். காதுக்குத் திரும்பிப் பார்க்க வசதியில்லை.

ஆறு சொல் என்ற கணக்கும் தமிழுக்குப் பொருந்தாது. "அறிமுகப்படுத்தப்பட்டிருந்த" ஒரு சொல், "நான்" ஒரு சொல். இரண்டுக்கும் ஒரே மூச்சா செலவாகிறது? சொல்லை எண்ணாதீர்கள், எத்தனை செய்தி என்று பாருங்கள். ஒரு மூச்சில் ஒரு செய்தி. அது நான்கு சொல்லிலும் வரலாம், பன்னிரண்டு சொல்லிலும் வரலாம். நீள வரி ஒன்று, குட்டை ஒன்று, நடுத்தரம் ஒன்று என்று கலந்து வந்தால் குரல் ஏறி இறங்க இடம் கிடைக்கும்.

முடிவுகளையும் மாற்றலாம். எல்லா வாக்கியமும் வினையில் முடிய வேண்டியதில்லை. "அதிகாலை இரண்டு மணி." அதுவே வாக்கியம். "வந்தார் கில்லெஸ்பி" என்று ஆளைக் கடைசியில் வைக்கலாம். ஆனால் இதையும் அடிக்கடி செய்தால் மேடைப்பேச்சு வாடை வந்துவிடும். ஒரு பத்தியில் ஒன்று போதும்.

திருவலம் புலவர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். தம்பியின் மூன்றாவது குறியைப் பற்றி யாரும் பேசவில்லையே. "சிப்பாய்களைத் × தாக்கி". இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும். தம்பி சரியாகவே எழுதியிருக்கிறார். அதை எளிமை என்ற பெயரில் கெடுத்துவிடாதீர்கள். திக்குகிறது என்றால் ஒற்றோடு படிக்கப் பழக வேண்டும்.

குடியாத்தம் வாசகி

ஐயா, வணக்கம். ஒற்று சரிதான். தம்பி ஏன் அங்கே நிற்கிறார் என்று பார்த்தால், நீங்கள் சொன்ன ஒற்றேதான் காரணம், ஆனால் வேறு விதத்தில். ஒற்று என்பது இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல் என்பதற்கான அடையாளம். தம்பிக்கு அந்த இடத்தில் மூச்சு முடிந்துவிட்டது. "சிப்பாய்களைத்" என்று நாக்கு மேலே ஒட்டிக்கொண்ட நிலையில் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. வாயைத் திறக்காமல் மூச்சை எப்படி வாங்குவது? அதுதான் தடுமாற்றம்.

இதற்கு இரண்டு வழி. மூச்சு வாங்கும் இடத்தை வேறு எங்காவது நகர்த்துவது ஒன்று. அங்கேதான் மூச்சு வாங்கியாக வேண்டும் என்றால், படிக்கும் பிரதியில் மட்டும் ஒற்றை எடுத்துவிட்டு நெடுக்குக் கோடு போடுவது இன்னொன்று. நிறுத்தி இடைவெளி விட்டால் ஒற்று ஒலிக்க இடமில்லையே ஐயா. நான் என் பிரதிகளில் எல்லா நெடுக்குக் கோட்டுக்கும் முன்னால் ஒற்று இருக்கிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். இருந்தால் கோட்டையோ ஒற்றையோ எடுத்துவிடுவேன்.

திருவலம் புலவர்

முதல் வழி எனக்குச் சம்மதம். இரண்டாவது வழிக்குச் சம்மதமில்லை. படிக்கும் பிரதி என்று ஒன்றில் பிழையாக எழுதினால், நாளைக்கு அதையே வீடியோவின் அடியில் எழுத்தாகவும் ஓட்டுவார்கள். பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள்.

கோட்டைவாசல்

ஐயா சொல்வது நடக்கக்கூடியதுதான். கீழே எழுத்து ஓட்ட நண்பன் என் ஃபைலைத்தான் எடுப்பான். தாளில் பென்சிலால் ஒற்றை அடித்துக்கொள்கிறேன், ஃபைலைத் தொட மாட்டேன். அப்படிச் செய்தால் சரியா?

எல்லாரும் சொன்னதை வைத்து மாற்றி எழுதியிருக்கிறேன். என் அத்தை மகளிடம் முன்கூட்டிக் காட்டாமல் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதல் பாதியில் அவள் நிற்கவில்லை:

"ஆயிரத்து எண்ணூற்று ஆறாம் ஆண்டு, ஜூலை பத்து. அதிகாலை இரண்டு மணி. வேலூர்க் கோட்டைக்குள் வெள்ளைக்கார வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தியச் சிப்பாய்களோ பல மாதங்களாகக் கொதித்துப்போயிருந்தார்கள். புதுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும், நெற்றியில் குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆணை. மறுத்தவர்களுக்குக் கசையடி. அந்தக் கொதிப்பு அன்று வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சிப்பாய்கள் பாய்ந்தார்கள்."

எண்களை எழுத்திலேயே எழுதிவிட்டேன். 69 என்று பார்த்துவிட்டு அறுபத்தொன்பதா எழுபத்தொன்பதா என்று கண் தேடும் நொடி இப்போது இல்லை. படைப்பிரிவின் எண்ணைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டு, கோட்டை மதிலைக் காட்டும் காட்சியின் மேல் எழுத்தாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் பாதியில் கைவைக்கவில்லை, 19ஆவது என்பதை மட்டும் எடுத்தேன். அதைப் பதிவு செய்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். நான் எங்கும் நிற்கவில்லை, நன்றாகவே படித்திருந்தேன். அம்மா கேட்டுவிட்டு, "கில்லெஸ்பி கோட்டை எங்கடா இருக்கு, நம்ம ஊர்ல கேள்விப்பட்டதே இல்லையே" என்கிறார்.

குடியாத்தம் வாசகி

உங்கள் அம்மாவைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். அந்த இடத்தை நானும் மனதில் வைத்திருந்தேன், நாக்கு நிற்காததால் குறியில் வராது.

"கர்னல் கில்லெஸ்பி கோட்டை வாயிலை". எழுவாய்க்கு உருபு கிடையாது, "கில்லெஸ்பி" மொட்டையாக நிற்கிறது. அடுத்து உடனே ஒரு பெயர்ச்சொல் வருகிறது. வேலூர்க் கோட்டை, செஞ்சிக் கோட்டை என்று கேட்டுப் பழகிய காது இரண்டையும் ஒட்டிவிடுகிறது. எழுத்தில் படிப்பவருக்கு ஒற்று இல்லாததும் பழக்கமும் கைகொடுக்கும். காதில் கேட்பவருக்கு, நீங்கள் நிறுத்தினால்தான் பிரியும். மைக் முன்னால் ஒவ்வொரு முறையும் சரியாக நிறுத்துவேன் என்று நம்பி வரியை விட்டுவைக்காதீர்கள். ஆளுக்கும் கோட்டைக்கும் நடுவில் வேறு ஏதாவது வர வேண்டும்.

வாய்விட்டுப் படித்தால் எல்லாக் குறையும் தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது என்பது இதனால்தான். நாக்குக்குச் சுகமாக இருந்து காதைக் குழப்பும் வரிகள் உண்டு. அவற்றைப் பிடிக்கத் தாளைப் பார்க்காத ஒருவர் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் "புரிந்ததா" என்று கேட்டால் எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "யார் எங்கிருந்து வந்தார், என்ன செய்தார்" என்று கேளுங்கள்.

எழுத்து ஓடும் ஃபைலைத் தொடாமல் தாளில் அடித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

திருவலம் புலவர்

தாளில் அடிப்பதும் எனக்கு உவப்பில்லை. உங்கள் தாள், உங்கள் விருப்பம்.

ஆற்காட்டுக்காரன்

இங்கே என் ஊர் வருவதால் சொல்கிறேன். அந்த இரண்டாம் வாக்கியத்தில் நடந்த வரிசையும் சரியில்லை. கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து நேராக வாயிலை உடைத்து நுழைந்த மாதிரி இருக்கிறது. அவர் ஆற்காட்டிலிருந்து ஒரு சிறு கூட்டத்தோடு முன்னால் வந்துவிட்டார். மதில்மேல் உயிரோடு எஞ்சியிருந்த 69ஆம் படைப்பிரிவினர் அவரைக் கயிற்றில் மேலே தூக்கிக்கொண்டார்கள். 19ஆம் குதிரைப்படையின் மற்றவர்கள் பீரங்கிகளோடு பிறகுதான் வந்து சேர்ந்தார்கள், வாயில் உடைந்தது அப்போதுதான். முதல் வாக்கியத்தில் "கொன்றனர்" என்று மொட்டையாக இருந்ததும் இதனால் இடித்தது. எல்லாரையும் கொன்றிருந்தால் மதில்மேல் நின்றது யார்?

வெட்டுவது பற்றி வாசகி அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டைக் காட்சியில் துண்டு வாக்கியம்தான் வேகம் தரும் என்பதை விட மாட்டேன்.

குடியாத்தம் வாசகி

சண்டைக் காட்சியில் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் தலைப்பாகையையும் அதே வேகத்தில் சொன்னீர்கள், அதைத்தான் மறுத்தேன்.

நீங்கள் சொன்ன நிகழ்ச்சி வரிசை தம்பிக்குப் பெரிய உதவி. தம்பியின் இரண்டாம் வாக்கியத்தில் "விரைந்த", "தகர்த்து", "நுழைந்து", "ஒடுக்கினார்" என்று நாலு வேலையும் ஒரே ஆளின் தலையில் ஏறியிருக்கிறது. அதனால்தான் வாக்கியம் அவ்வளவு நீளம். உண்மையில் அவை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு நேரத்தில் செய்தவை. நடந்ததை நடந்தபடி பிரித்தால் வரியும் தானாகப் பிரியும்.

கோட்டைவாசல்

இரண்டாம் பாதி இப்படி வந்திருக்கிறது:

"ஆற்காட்டுக்குச் செய்தி எட்டியது. அங்கிருந்து வேலூர் பதினாறு மைல். குதிரைப்படையைத் தொடர்ந்து வரச் சொல்லிவிட்டு, ஒரு சிறு கூட்டத்தோடு முன்னால் விரைந்து வந்தார் கர்னல் கில்லெஸ்பி. மதில்மேல் எஞ்சி நின்ற வீரர்கள் கயிறு விட்டு அவரை மேலே இழுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த பீரங்கிகள் வாயிலை உடைத்தன. குதிரைப்படை உள்ளே புகுந்தது. அன்றைக்கே கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது."

முதல் பாதியின் கடைசி வரியோடு "பலரைக் கொன்றார்கள், சிலர் தப்பி மதில்மேல் ஏறிக்கொண்டார்கள்" என்று சேர்த்துவிட்டேன். அப்போதுதான் பின்னால் வருகிற மதில் திடீரென்று முளைத்த மாதிரி இல்லை.

அத்தை மகள் இதில் ஒரே இடத்தில் நின்றாள்: "எஞ்சி நின்ற வீரர்கள்". நானும் அங்கேதான் நிற்கிறேன். மூச்சு போதுகிறது, ஒற்றும் இல்லை.

ஆம்பூர் நூரி

ஞ்சி, நின்ற, இரண்டும் மூக்கில் அடுத்தடுத்து வருகிறதே, அதுவாக இருக்குமோ? என் பிள்ளைகளுக்கு "எஞ்சிய" என்பதே படிக்கக் கஷ்டம். "மிச்சமிருந்த" என்று போட்டுப் பாருங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

மிச்சமிருந்த வீரர்கள் என்றால் சாப்பாடு மிச்சமான மாதிரி இருக்கிறதே. செத்துப் பிழைத்தவர்கள் அல்லவா? இப்போதுதான் கேள்வி எனக்குப் புரிகிறது. நான் முதலில் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

குடியாத்தம் வாசகி

ஒலி கொஞ்சம் காரணம்தான். ஆனால் இருவர் நின்றிருக்கிறீர்கள், அதனால் நான் முதலில் பொருளைப் பார்ப்பேன். "வீரர்கள்" என்றால் எந்த வீரர்கள்? கிளர்ச்சி செய்தவர்களும் வீரர்கள், மதில்மேல் ஏறியவர்களும் வீரர்கள். அந்தச் சொல் வரும்போது யாருக்காகக் குரல் கொடுப்பது என்று படிப்பவருக்கு ஒரு நொடி சந்தேகம். "தப்பி ஏறியவர்கள்" என்று முன்னால் சொன்ன சொல்லையே திரும்ப எடுங்கள்: "மதில்மேல் ஏறித் தப்பியவர்கள் கயிறு விட்டு அவரை மேலே இழுத்துக்கொண்டார்கள்." காதுக்கு எழுதும்போது ஒரே ஆளை ஒவ்வொரு முறையும் புதுப் பெயரால் அழைக்க வேண்டாம். முன்னால் சொன்ன சொல் திரும்பி வந்தால் கேட்பவர் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

மாற்றிய வரியை மட்டும் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். அதற்கு இரண்டு வரி முன்னாலிருந்து தொடங்கி இரண்டு வரி தாண்டும்வரை படியுங்கள். புது வரி நன்றாக இருந்து, பக்கத்து வரியோடு சேரும் இடத்தில் இடிப்பது அடிக்கடி நடக்கும். இங்கேயே பாருங்கள், "இழுத்துக்கொண்டார்கள்" முடிந்ததும் "பின்னால் வந்து சேர்ந்த பீரங்கிகள்" என்று தொடங்குகிறது. யாருக்குப் பின்னால்? மதிலுக்குப் பின்னாலா?

கோட்டைவாசல்

படித்துப் பார்த்தேன் அக்கா, ஆமாம், மதிலுக்குப் பின்னால் என்றுதான் கேட்கிறது. "பிறகு குதிரைப்படை பீரங்கிகளோடு வந்து சேர்ந்தது. வாயில் உடைந்தது." என்று மாற்றிவிட்டேன். அடுத்து வந்த "குதிரைப்படை உள்ளே புகுந்தது" என்பதில் குதிரைப்படை இரண்டு முறை வந்துவிட்டதால் "உள்ளே புகுந்தார்கள்" என்று வைத்தேன். படை புகுந்தது என்பதா, புகுந்தார்கள் என்பதா என்று புலவர் ஐயா சொன்னால் நல்லது.

திருவலம் புலவர்

படை என்றால் புகுந்தது. புகுந்தார்கள் என்று வேண்டுமானால் முன்னால் "குதிரை வீரர்கள் பீரங்கிகளோடு வந்து சேர்ந்தார்கள்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆற்காட்டுக்காரன்

வீரர்கள் மறுபடி வந்துவிட்டார்களே ஐயா.

கோட்டைவாசல்

"குதிரைப்படை பீரங்கிகளோடு வந்து சேர்ந்தது. வாயிலை உடைத்து உள்ளே புகுந்தது." ஒரே படை, ஒரே எழுவாய், அத்தை மகளும் நிற்கவில்லை. ஞாயிறு காலை சாலையில் லாரி சத்தம் தொடங்குவதற்கு முன்னால் பதிவு செய்யப் போகிறேன். ஜலகண்டேஸ்வரர் கோயில் பகுதியில் இன்னும் நான்கு நெடுக்குக் கோடுகள் பாக்கி இருக்கின்றன, அந்தப் பெயரையே ஒரு மூச்சில் இரண்டு தடவை வைத்திருக்கிறேன். அதைச் சனிக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.